ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் தண்டும்

காப்புரிமை ஆவணம் ஒன்று கையில் கிடைத்ததும் கண் முதலில் படங்களுக்குத்தான் போகும். பிறகு முதல் பக்கத்துச் சுருக்கம். சொந்தமாக ஒரு கருவி செய்து வைத்திருப்பவர் அந்த இரண்டையும் பார்த்துவிட்டு, "ஐயோ, இதை ஏற்கெனவே எவரோ பிடித்து வைத்துவிட்டார்களே" என்று மனம் விட்டுவிடுகிறார். ஆனால் சட்டம் காப்பது படத்தையும் சுருக்கத்தையும் அல்ல. ஆவணத்தின் கடைசியில் 'வி க்ளெய்ம்' என்றோ 'க்ளெய்ம்ஸ்' என்றோ தொடங்கி, எண் போட்டு எழுதப்பட்டிருக்கும் வாக்கியங்களைத்தான். காப்பின் எல்லையை அந்த க்ளெய்ம்கள்தான் வரையறுக்க வேண்டும் என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவும் சொல்கிறது.

ஒவ்வொரு க்ளெய்மும் எவ்வளவு நீண்டாலும் ஒரே வாக்கியம். அதைப் படிக்க நல்ல வழி, அரைப்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டி, ஒரு தாளில் வரி வரியாக எழுதிக்கொள்வது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, தன் கருவியில் அது இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். எல்லா வரிகளும் இருந்தால் உரிமை மீறல். ஒரு வரி இல்லாவிட்டாலும், பொதுவாக அந்த க்ளெய்ம் அவரைத் தொடாது. ஆகவே ஒரு க்ளெய்மில் விவரம் கூடக்கூட அதன் வேலி சுருங்குகிறது. நிறைய எழுதினால் நிறையக் காப்பு என்று நினைக்கும் கண்டுபிடிப்பாளர்கள் வழுக்கும் இடம் இது.

ஒரு வரி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை எபிலேடி வழக்கு காட்டியது. இஸ்ரேலில் உருவான அந்தக் கருவி, உடல் முடியை வேரோடு பிடுங்குவது. முதல் க்ளெய்மை வெட்டினால் இவ்வளவுதான்: கையில் பிடிக்கும் உறை, அதனுள் ஒரு மோட்டார், மோட்டார் சுழற்றும், வில்லாக வளைந்த ஒரு சுருள் ஸ்பிரிங். வளைவின் வெளிப்பக்கத்தில் ஸ்பிரிங்கின் சுற்றுகள் விரிந்து முடியை உள்ளே விடும். சுழன்று உள்பக்கம் வரும்போது நெருங்கி, முடியைக் கவ்விப் பிடுங்கும்.

ரெமிங்டன் நிறுவனம் கொண்டுவந்த கருவியில் உறை உண்டு, மோட்டார் உண்டு. ஸ்பிரிங் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வளைந்த ஒரு ரப்பர் தண்டு, அதில் வரிசையாகக் கீறல்கள். வெளிப்பக்கத்தில் கீறல் திறக்கும், உள்பக்கத்தில் மூடும். வேலை அதே வேலை.

1989இல் லண்டனில் வழக்கைக் கேட்ட நீதிபதி ஹாஃப்மன், இந்த மாற்றம் கருவி இயங்கும் விதத்தைப் பாதிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். துறை தெரிந்தவருக்கு அது எளிதில் விளங்கும் என்றும் ஒப்புக்கொண்டார். இருந்தும் 'சுருள் ஸ்பிரிங்' என்று எழுதியவர் சுருள் ஸ்பிரிங்கைத்தான் சொன்னார், ரப்பர் தண்டு அதற்குள் வராது என்று தீர்ப்பளித்தார். அதே ஐரோப்பியக் காப்புரிமையின் மேல் ஜெர்மன் நீதிமன்றம் உரிமை மீறல்தான் என்றது. 2017இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமும் இன்னொரு வழக்கில் ஹாஃப்மனின் சோதனையைத் திருத்தி, சொல்லுக்கு வெளியே இருந்தாலும் அதே வேலையை அதே வழியில் செய்யும் மாற்றங்களுக்குக் காப்பை அகலமாக்கியது. அதனால் ஒரு வரி தப்பிவிட்டது என்று தெரிந்ததும், அந்த வரியின் வேலையை வேறொன்று செய்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

தமிழில் யோசித்துப் படிப்பவருக்கு இங்கே தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. 'கம்ப்ரைசிங்', 'கன்சிஸ்டிங் ஆஃப்' இரண்டுமே நம் மனதில் 'கொண்ட' என்றுதான் பதிகின்றன. முதலாவதற்கு 'குறைந்தது இவற்றைக் கொண்ட' என்று பொருள். கூடுதலாக ஒரு விளக்கைச் சேர்த்துவிட்டால் தப்பிக்க முடியாது. இரண்டாவதற்கு 'இவற்றை மட்டுமே கொண்ட' என்று பொருள். 'எ ஸ்பிரிங்' என்பதை 'ஒரே ஒரு ஸ்பிரிங்' என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. 'கம்ப்ரைசிங்' என்று தொடங்கும் க்ளெய்மில், இரண்டு ஸ்பிரிங் வைத்த கருவியும் பொதுவாக உள்ளே வந்துவிடும். 'செட்' என்ற சொல் வந்தால், மேலே சொன்ன அதே பாகம் என்று அர்த்தம்.

இன்னொன்று, கையில் இருக்கும் தாள் எது என்பது. ஐரோப்பிய ஆவண எண்ணின் கடைசியில் A இருந்தால் அது விண்ணப்பம், B இருந்தால் வழங்கப்பட்ட காப்புரிமை. விண்ணப்பத்தில் அகலமாகக் கேட்ட க்ளெய்ம், பரிசோதகரின் ஆட்சேபங்களுக்குப் பிறகு பெரும்பாலும் குறுகித்தான் வெளியே வரும்.

எபிலேடியின் க்ளெய்ம் 'ஸ்பிரிங்' என்பதற்குப் பதிலாக 'வளைந்து சுழலும்போது திறந்து மூடும் இடைவெளிகள் உள்ள உறுப்பு' என்று சொல்லியிருந்தால், ரப்பர் தண்டும் சொல்லுக்குள்ளேயே வந்திருக்கும். அதற்கு அடுத்த க்ளெய்மில் 'க்ளெய்ம் 1இல் உள்ள கருவி, அதில் அந்த உறுப்பு ஒரு சுருள் ஸ்பிரிங்' என்று குறுகலான ஒன்றையும் வைக்கலாம். அகலமானதற்குள் பழைய கருவி ஏதாவது அகப்பட்டு அது ரத்தானாலும், குறுகலானது நிற்கும்.