‘ஆ’ எங்கே உட்காருகிறது?

‘முருகன் நேற்று மதுரைக்குப் போனான்.’ இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு தமிழில் நான்கு கேள்விகள் கேட்கலாம். முருகன் நேற்று மதுரைக்குப் போனானா? முருகன் நேற்று மதுரைக்கா போனான்? முருகன் நேற்றா மதுரைக்குப் போனான்? முருகனா நேற்று மதுரைக்குப் போனான்? நான்குக்குமே ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேட்பவரின் சந்தேகம் ஒவ்வொன்றிலும் வேறு. முதல் கேள்வியில் பயணம் நடந்ததா என்றே அவருக்குத் தெரியவில்லை. நான்காவதில் யாரோ போனது தெரியும், அது முருகன்தானா என்பதுதான் கேள்வி. இவ்வளவு வேலையையும் செய்வது ‘ஆ’ என்ற ஓர் எழுத்து. எந்தச் சொல்லில் ஐயமோ அந்தச் சொல்லின் வாலில் போய் அது ஒட்டிக்கொள்கிறது.

ஆம்-இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கும் இத்தகைய வினாக்களை உலக மொழிகள் எப்படி அமைக்கின்றன என்று மொழியியலாளர் மேத்யூ டிரையர் 955 மொழிகளை ஒப்பிட்டுப் பட்டியலிட்டார். அவற்றில் 585 மொழிகள் தனியாக ஒரு வினா இடைச்சொல்லைப் பயன்படுத்துகின்றன. 173 மொழிகளில் குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே கேள்வியைக் காட்டுகிறது. 164 மொழிகளில் வினைச்சொல்லின் உருவமே மாறுகிறது. ஆங்கிலம் போலச் சொற்களை இடம் மாற்றிக் கேள்வியாக்கும் மொழிகள் வெறும் 13. அவையும் பெரும்பாலும் ஐரோப்பாவைச் சேர்ந்தவை. பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்த நமக்கு மிகப் பழக்கமான முறைதான் உலகில் மிக அரிதான முறைகளில் ஒன்று.

தமிழின் வழி தமிழுக்கு மட்டும் உரியதல்ல. தொல்காப்பியம் ஆ, ஏ, ஓ ஆகிய மூன்றையும் வினா எழுத்துகளாகச் சொல்கிறது. அவற்றில் ‘ஆ’ தமிழிலும் தெலுங்கிலும் அன்றாடப் பேச்சில் இருக்க, மலையாளத்தில் அந்த வேலையை ‘ஓ’ செய்கிறது. நாம் ‘அவன் வந்தானா?’ என்பதை அவர்கள் ‘அவன் வந்நோ?’ என்பார்கள்.

திராவிடக் குடும்பத்துக்கு வெளியேயும் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம். துருக்கிய மொழியில் ‘அலி கெல்தி’ என்றால் அலி வந்தான். ‘அலி கெல்தி மி?’ என்றால் அலி வந்தானா? ‘அலி மி கெல்தி?’ என்றால் அலியா வந்தான்? நம் ‘ஆ’ நகர்வது போலவே அங்கே ‘மி’ நகர்கிறது. முன்னால் நிற்கும் சொல்லின் உயிரொலிக்கு ஏற்ப அது மு என்றும் வேறு விதமாகவும் ஒலி மாறும் என்பது மட்டும்தான் கூடுதல் விதி.

சிங்களம் இன்னும் நெருக்கமாக வருகிறது. ‘ஒயா கெதர கியா த?’ என்றால் நீ வீட்டுக்குப் போனாயா? சந்தேகம் வீட்டின் மேல் என்றால் ‘ஒயா கெதர த கியே?’ ‘த’ என்ற வினாச்சொல் இடம் மாறியதோடு ‘கியா’ என்ற வினையும் ‘கியே’ ஆகிவிட்டது. தமிழ்ப் பேச்சிலும் இப்படி நடப்பதுண்டு. ‘முருகனா போனான்?’ என்பதைவிட ‘முருகனா போனது?’ என்பதுதான் பலர் வாயில் இயல்பாக வரும். சிங்களம் இந்தோ-ஆரியக் குடும்பத்து மொழி. வட இந்திய உறவு மொழிகளில் பொதுவாகக் காணப்படாத இந்த அமைப்பு, தமிழோடும் பிற தென்னிந்திய மொழிகளோடும் பழகியதால் அதற்கு வந்திருக்க வேண்டும் என்று, சிங்களத்தை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் கெய்ர் விளக்கினார்.

குரலை மட்டுமே நம்பும் மொழிகளில் நிலைமை வேறு. இத்தாலிய மொழியில் ‘வியேனி ஸ்தசேரா’ என்ற இரண்டு சொற்களைத் தாளில் எழுதிப் பார்த்தால், ‘இன்று மாலை நீ வருகிறாய்’ என்றும் படிக்கலாம், ‘இன்று மாலை வா’ என்றும் படிக்கலாம், ‘இன்று மாலை வருகிறாயா?’ என்றும் படிக்கலாம். நேரில் பேசும்போது குரல் பிரித்துக் காட்டிவிடும். செல்பேசிச் செய்தியில் கேள்விக்குறியை விட்டுவிட்டால் வந்தது அழைப்பா விசாரிப்பா என்று தெரியாது.

ஸ்பானிய மொழிக்கும் இதே சிக்கல் உண்டு. நீண்ட வாக்கியத்தை உரக்கப் படிப்பவர் கடைசியில்தான் கேள்விக்குறியைப் பார்ப்பார். அதற்குள் செய்தி சொல்லும் குரலிலேயே முக்கால்வாசி படித்து முடித்திருப்பார். அதனால்தான் ஸ்பானிய மொழிக் கழகம் 1754-இல் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில், வினாவின் தொடக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியைத் தலைகீழாகப் போடச் சொன்னது. இன்றுவரை அந்த வழக்கம் நீடிக்கிறது. ஓலைச்சுவடித் தமிழில் கேள்விக்குறியே கிடையாது. ‘வந்தானா’ என்று எழுதிய பிறகு அதற்கு அவசியமும் இல்லை.

குரலின் உதவியே தமிழுக்குத் தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. ‘ஆ’ பெயரடையின் மேல் உட்காராது. சட்டை சிவப்பா நீலமா என்பதுதான் சந்தேகம் என்றாலும் ‘சிவப்புச் சட்டையையா வாங்கினாய்?’ என்றுதான் கேட்க முடியும். ‘ஆ’ சட்டையின் வாலில் நிற்க, ‘சிவப்பு’ என்பதைக் குரல்தான் அழுத்திக் காட்ட வேண்டும். பேச்சில் இன்னொரு வழுக்கலும் உண்டு. ‘அவன் வந்தானா சொல்லு’ என்றால் வந்தானா இல்லையா என்று சொல்ல வேண்டும். ‘அவன் வந்தான்னா சொல்லு’ என்றால் வந்தால் தகவல் தர வேண்டும். பின்னது ‘வந்தான் என்றால்’ என்பதன் பேச்சு வடிவம். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு னகரத்தின் நீளம்தான். இரைச்சலான இடத்தில் காதில் சரியாக விழாவிட்டால் கேட்டவர் பதில் சொல்லாமல் காத்துக்கொண்டிருப்பார்.

இனி ஆங்கிலம். ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட, இன்றைய ஜெர்மன் போல, முதன்மை வினையையே முன்னால் தூக்கி வைத்து ‘கேம் ஹி?’ என்று கேட்க முடிந்தது. பிறகு அந்த வழி அடைபட்டு, துணைவினை மட்டுமே முன்னால் வரலாம் என்றானது. துணைவினை இல்லாத வாக்கியத்துக்கு ‘டிட்’ போன்ற ஒன்றைக் கடன் வாங்கி முன்னால் நிறுத்த வேண்டியிருக்கிறது. இது கேள்வி என்பதை அந்த இடமாற்றம் சொல்லிவிடுகிறது. எதைப் பற்றிய கேள்வி என்பதை அது சொல்வதில்லை. ‘டிட் முருகன் கோ டு மதுரை எஸ்டர்டே?’ என்ற ஒரே வாக்கியத்தில், முருகனை அழுத்தினால் ஒரு பொருள், மதுரையை அழுத்தினால் இன்னொரு பொருள். அச்சில் அந்த அழுத்தம் தெரியாது. ‘யூ ஆர் கமிங்கா?’ என்று நம்மவர்கள் ஆங்கிலத்தோடும் ‘ஆ’வைச் சேர்ப்பதைப் பிழை என்று திருத்துகிறோம். திருத்துவது சரிதான். ஆனால் அப்படிப் பேசுபவர் உலகின் பெரும்பான்மை மொழிகளின் பக்கம் நிற்கிறார்.

இந்த வேறுபாட்டால் அதிகம் அவதிப்படுபவர்கள் மொழிபெயர்ப்பவர்களும் படங்களுக்குத் துணையுரை எழுதுபவர்களும்தான். ஆங்கில வசனத்தை எழுத்தில் மட்டும் பார்த்துவிட்டு வழக்கம்போல வினைமுற்றில் ‘ஆ’ சேர்த்தால், ‘முருகனா போனது?’ என்று அதிர்ச்சியோடு கேட்கும் பாத்திரம் ‘முருகன் போனானா?’ என்று சாதாரணமாக விசாரித்துவிட்டுப் போய்விடும். காட்சியை ஒருமுறை காதால் கேட்டு, நடிகர் எந்தச் சொல்லை அழுத்துகிறார் என்று கண்டுபிடித்த பிறகு அந்தச் சொல்லில் ‘ஆ’வைச் சேர்ப்பதுதான் சரியான முறை.