ராமேஸ்வரத்துக்கு ஏன் போனார்கள்?

ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்பதால் அங்கே ஆயிரம் பேரைத் தேர்வெழுத வைத்துவிட முடியாது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் வழக்கமாக அறைக்கு 20 பேர்தான். வகுப்புக்கு 40 பிள்ளைகள் என்றால் அந்தப் பள்ளியில் 25 அறைகள் இருக்கும். ஆய்வகம், சின்னப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சு போட்ட அறை, மின்விசிறி ஓடாத அறை, வினாத்தாள் கட்டுகளை வைக்கும் தலைமைக் கண்காணிப்பாளரின் அறை என்று ஏழு கழிந்தால் மிச்சம் 18. ஆக, 360 பேர். பள்ளி தரும் கணக்கை அப்படியே நம்பாமல் நேரில் போய் அறைகளை எண்ணுவது இதற்காகத்தான்.

தேர்வு நடத்துவது ஆணையம் என்றாலும், களத்தில் ஓடுவது மாவட்ட நிர்வாகம். துணை வட்டாட்சியர் நிலையிலான நடமாடும் குழுக்கள் கருவூலத்திலிருந்து வினாத்தாளை மையங்களுக்குக் கொண்டுபோய், விடைத்தாளைத் திரும்ப வாங்கி வருகின்றன. துணை ஆட்சியர் நிலையிலான பறக்கும் படை முன்னறிவிப்பின்றி மையத்துக்குள் நுழையும். மையத்திலேயே இருந்து நடப்பதைக் கவனிக்க ஓர் ஆய்வு அலுவலரும் உண்டு.

இத்தனை பேரும் இருந்தும், 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் 4 தேர்வில் முறைகேடு நடந்தது. தரவரிசையின் முதல் நூறு இடங்களில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் வெளிமாவட்டத்துக்காரர்கள். சொந்த ஊர்ப் பக்கம் மையம் இருக்க, அவ்வளவு தூரம் ஏன் போனார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் விஷயம் வெளியே வந்தது. சில மணி நேரத்தில் அழிந்துபோகும் மையால் விடை குறித்துவிட்டு வந்தார்கள், சென்னைக்குப் போகும் வழியில் வண்டியிலிருந்து விடைத்தாளை எடுத்து வேறு ஆட்கள் சரியான விடைகளை நிரப்பினார்கள் என்றது சி.பி.சி.ஐ.டி. விசாரணை. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. முதல் நூறு இடங்களுக்குள் வந்திருந்த 39 பேருக்குப் பதிலாக வேறு 39 பேர் தேர்வானார்கள்.

பறக்கும் படையைக் குறை சொல்லிப் பயனில்லை. துண்டுச் சீட்டு, கைப்பேசி, ஆள்மாறாட்டம் ஆகியவற்றைத்தான் அது தேடும். தேர்வறையில் அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை. எல்லாரும் ஒழுங்காக உட்கார்ந்து எழுதிவிட்டுப் போனார்கள். ஓட்டை இருந்தது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, மையத்தைத் தேர்வரே தேர்ந்தெடுக்க முடிந்தது. இன்னொன்று, விடைத்தாள் போன வழி.

முதல் ஓட்டையை 2020 பிப்ரவரியில் அடைத்தார்கள். தேர்வர் மூன்று மாவட்டங்களை விருப்பமாகச் சொல்லலாம், மையத்தை ஆணையமே ஒதுக்கும் என்று விதி மாறியது. ஒரே கூட்டமாக ஒரு மையத்தில் சேர்வது இதனால் கடினமாகிறது. விடைத்தாளிலும் மாற்றம் வந்தது. தெரியாத கேள்வியை வெற்றாக விடக்கூடாது, ‘E’ வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். A முதல் E வரை ஒவ்வொன்றிலும் எத்தனை குறித்தோம் என்று எண்ணி எழுதவும் வேண்டும். பிறகு வழியில் யாராவது ஒரு வட்டத்தை நிரப்பினால், அந்தக் கேள்விக்கு இரண்டு விடை விழும், எழுதிய எண்ணிக்கையும் உதைக்கும்.