நிதியறிக்கை மொழிபெயர்ப்பில் இலட்சமும் கோடியும்

இந்திய நிறுவனங்களின் நிதியறிக்கைகளில் தொகைகள் பெரும்பாலும் இலட்சம் அல்லது கோடி என்னும் அலகுகளில் தரப்படுகின்றன. வெளிநாட்டு வாசகர்களுக்காக இவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது மில்லியன், பில்லியன் அலகுகளுக்கு மாற்ற வேண்டியுள்ளது. 10 இலட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி 10 மில்லியன். 100 கோடி ஒரு பில்லியன். ஓர் இலட்சம் கோடி ஒரு டிரில்லியன் ஆகும்.

காற்புள்ளியும் அலகும்

இந்திய முறையில் வலப்புறம் முதல் மூன்று இலக்கங்களும், அதன்பின் இரண்டிரண்டு இலக்கங்களும் பிரிக்கப்படுகின்றன. அனைத்துலக முறையில் எங்கும் மூன்று இலக்கங்களே. 1,23,456 என்பதை 123,456 என எழுதுவது காற்புள்ளியின் இடமாற்றம் மட்டுமே, மதிப்பு மாறுவதில்லை. அட்டவணையின் தலைப்பில் உள்ள "ரூபாய் இலட்சத்தில்" என்னும் குறிப்பை மில்லியன் என மாற்றினால், ஒவ்வொரு எண்ணையும் 10 ஆல் வகுக்க வேண்டும். கோடியாயின் 10 ஆல் பெருக்க வேண்டும். தலைப்பை மாற்றி எண்களை அப்படியே விட்டுவிடுவதே பெரும் பிழைகளுக்குக் காரணமாகிறது.

எடுத்துக்காட்டு

ஓர் அறிக்கையில் விற்பனை வருவாய் 1,23,456.74 இலட்சம், பிற வருவாய் 2,345.64 இலட்சம், மொத்தம் 1,25,802.38 இலட்சம் எனக் கொள்வோம். மில்லியனில் இவை முறையே 12,345.674, 234.564, 12,580.238 ஆகும். இவற்றை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் 12,345.67, 234.56, 12,580.24 எனக் கிடைக்கும். ஆனால் முதல் இரண்டின் கூட்டுத்தொகை 12,580.23 தான். மூல அறிக்கை ஆயிரம் ரூபாய் வரை துல்லியமானது. மில்லியனில் இரண்டு தசம இடங்கள் என்பது பத்தாயிரம் ரூபாய் வரையான துல்லியமே. எனவே மூன்றாவது தசம இடத்தை வைத்துக்கொள்வதே நல்லது. அது இயலாவிடில், முழுமையாக்கலால் கூட்டுத்தொகை சற்று வேறுபடலாம் என அடிக்குறிப்பு இடலாம். கூட்டல் சரிவர வேண்டும் என்பதற்காக மொத்தத்தைத் திருத்துவது தவறு. அது தணிக்கை செய்யப்பட்ட எண்.

மாற்றக் கூடாதவை

தலைப்பில் உள்ள அலகு எல்லா வரிகளுக்கும் பொருந்துவதில்லை. ஒரு பங்குக்கான ஈட்டம், பங்கின் முகமதிப்பு ஆகியவை ரூபாயிலேயே இருக்கும். விழுக்காடுகளும் அவ்வாறே மாறாதவை. நிரல் முழுவதையும் விரிதாளில் ஒரே வாய்பாட்டால் வகுக்கும்போது இவையும் சேர்ந்து வகுபட்டுவிடுகின்றன.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. நிகர இலாபம் 9,210 இலட்சம், ஆண்டு முழுதும் மாறாத பங்குகளின் எண்ணிக்கை 5,00,00,000 எனில், ஒரு பங்குக்கான ஈட்டம் 18.42 ரூபாய். மொழிபெயர்ப்பிலும் 921 மில்லியனை 50 மில்லியன் பங்குகளால் வகுத்தால் அதே 18.42 வரவேண்டும். 1.842 அல்லது 184.2 வந்தால், மூன்றில் ஏதோ ஒன்றின் அலகு பிழையாகியுள்ளது.

மாற்றாமல் விடுதல்

இந்தியாவின் 2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இலட்சம், மில்லியன், கோடி ஆகிய அலகுகளை ஏற்கிறது. ஆனால் தேர்ந்த அலகையே நிதிக்கூற்றுகள் முழுவதும் சீராகப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஆகவே இந்திய வாசகர்களுக்கான ஆங்கிலப் பதிப்பில் கோடியைக் கோடியாகவே விடுவதில் தவறில்லை. அயல்நாட்டாருக்கும் அது செல்லுமெனில், ஒரு கோடி 10 மில்லியன் என்னும் விளக்கத்தை முதற்பக்கத்திலேயே தருதல் வேண்டும். ஒரே அட்டவணையில் இரு முறைகளையும் கலப்பது மட்டும் கூடாது.