உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது

ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரை இக்கரையிலிருந்து பார்த்தால், துணி கல்லில் அடிபட்டு மறுபடி மேலே போகும்போதுதான் சத்தம் வந்து சேரும். டிவியோடு ப்ளூடூத் ஹெட்போனை இணைத்துப் படம் பார்க்கும் பலருக்கு வீட்டுக்குள்ளேயே இந்த அனுபவம். நடிகர் வாயை மூடிவிட்டார். வசனத்தின் கடைசிச் சொல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் தாமதம் சுமார் 200 மில்லி செகண்ட், அதாவது ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. நடிகர் 70 மீட்டர் தள்ளி நின்று பேசுவதற்குச் சமம். ஒலி 125 மில்லி செகண்ட் பிந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை.

ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிப்பதில் கொஞ்ச நேரம் போகிறது. அதிகம் பிடிப்பது ஹெட்போனுக்குள் இருக்கும் சேமிப்புதான். வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ப்ளூடூத்தும் ஓடுகிறது. நெரிசலில் தொலைந்த துண்டுகளை மறுபடி அனுப்ப வேண்டும். அதுவரை பாட்டு அறுந்துபோகாமல் இருக்க, மாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பதுபோல ஹெட்போன் கொஞ்சம் ஒலியைத் தேக்கிவைத்தே வெளியே விடுகிறது.

தேங்கிய ஒலியை விரைவுபடுத்த வழியில்லை. படத்தைத்தான் நிறுத்திப் பிடிக்க வேண்டும். செல்போனில் வீடியோ பார்க்கும்போது பெரும்பாலும் சிக்கல் தெரியாததற்குக் காரணம் இதுதான்: ஹெட்போன் எவ்வளவு தாமதிக்கும் என்று தெரிந்துகொண்டு, ஆப் படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டுகிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தைப் பல டிவிகள் அப்படிப் பிடித்து வைப்பதில்லை. அவற்றில் உள்ள ஒலித் தாமத அமைப்பும் பெரும்பாலும் ஒலியை இன்னும் பிந்த வைக்கத்தான் உதவும்; இங்கே தேவை அதற்கு நேர்மாறானது.

முதலில் குற்றவாளி ப்ளூடூத்தானா என்று பார்க்க வேண்டும். அதைத் துண்டித்து, டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அதே காட்சியை ஓட்டினால் போதும். அப்போதும் பொருந்தாவிட்டால் கோளாறு வேறெங்கோ. படம் தொடங்கும்போது சரியாக இருந்து, போகப்போக விலகினால் ஃபைலிலேயே பிழை இருக்கலாம். ப்ளூடூத் தாமதம் தொடக்கம் முதல் முடிவுவரை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்.

விண்டோஸ் கணினியில் வி.எல்.சி. பிளேயரில் படம் பார்ப்பவருக்கு வேலை சுலபம். கதவு அறைந்து சாத்தப்படும் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு `J` விசையைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி 50 மில்லி செகண்ட் முன்னே வரும். நாலு தட்டில் 200. அளவு மீறி முந்திவிட்டால் `K` பின்னுக்குக் கொண்டுவரும். வேறு ஹெட்போனுக்கு மாறினால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

டிவிக்கு, ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறையில் இயங்கும் தனி டிரான்ஸ்மிட்டரை ஹெட்போன் துளையில் செருகலாம். தாமதம் 40 மில்லி செகண்ட் அளவுக்கு இறங்கும். ஆனால் ஹெட்போனும் அதே முறையை ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சத்தமில்லாமல் பழைய முறைக்கே போய்விடும், செலவழித்த பணம் வீண். வாங்கும் முன் இரண்டு பெட்டிகளிலும் அந்தப் பெயரைத் தேடிப் பார்ப்பது நல்லது.

கேம் விளையாடுபவருக்குப் படத்தைத் தாமதிப்பதும் உதவாது. விரல் பட்ட கணமே திரை அசைய வேண்டுமே! அங்கே ஒயர் வைத்த ஹெட்போன்தான் இன்றைக்கும் நம்பகமானது.