இடது தட்டில் தவறிய புஷ்

ஓசூரிலோ ஒரகடத்திலோ ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த இளைஞர் கைபேசியை நீட்டி, தான் செய்த ரோபோ கை ஒரு பொருளைத் தூக்கி வைக்கும் காணொளியைக் காட்டுகிறார். எதிரே இருக்கும் உற்பத்தி மேலாளர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, “நூறு தடவை ஓட்டினா எத்தனை தடவை சரியா வைக்கும்?” என்று கேட்கிறார். இளைஞரிடம் பதில் இல்லை. ஒரு தடவை சரியாக வைத்ததைத்தான் அவர் படம் பிடித்திருந்தார்.

உற்பத்தித் துறையின் கேள்வி எப்போதும் இதுதான். ஒரு பொருளை ஒரு முறை நன்றாகச் செய்வது பட்டறையின் திறமை. அதே பொருளை ஆயிரம் முறை ஒரே மாதிரி செய்வது தொழிற்சாலையின் வேலை. ஆகவே நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோகும் கோப்பில் ரோபோ கையின் அழகைவிட, அது எங்கே தவறியது, ஏன் தவறியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதற்கே அதிக இடம் தர வேண்டும். அதற்கு நான்கு தாள்கள் போதும். எப்படி என்று ஒரு மாதிரிக் கையை வைத்துப் பார்ப்போம். இங்கே வரும் அளவுகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கோப்பில் நீங்களே அளந்தவைதான் இருக்க வேண்டும்.

முதல் தாளில் ஒரு புகைப்படமும் கை செய்யும் வேலையும் மட்டும். “நான்கு அச்சு ரோபோ கை, அர்டுயினோவில் இயங்குவது” என்று எழுதினால் அது பாகங்களின் பட்டியல். வேலையை எழுதினால் இப்படி வரும்: கைக்கு வலப்பக்கம் ஒரு தட்டு, இடப்பக்கம் ஒரு தட்டு. இரண்டிலும் 20 மி.மீ. விட்டமும் 50 கிராம் எடையும் உள்ள ஸ்டீல் புஷ்கள். கை அவற்றை மாறி மாறி எடுத்து, நடுவில் உள்ள ஃபிக்ஸ்சரின் 23 மி.மீ. துளையில் போட வேண்டும். ஒரு புஷ்ஷுக்கு 8 விநாடி. இதைப் படித்தவுடனேயே மேலாளருக்குத் தேவையான துல்லியம் புரிந்துவிடும். துளைக்கும் புஷ்ஷுக்கும் இடையே 3 மி.மீ. தளர்வு இருப்பதால், கை எந்தப் பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் வரை விலகலாம். அதைத் தாண்டினால் புஷ் விளிம்பில் முட்டி நிற்கும்.

இதே தாளில் இன்னொரு வரியும் தேவை. கையின் வடிவத்தை இணையத்திலிருந்து எடுத்து முப்பரிமாண அச்சில் எடுத்திருந்தால், அதை அப்படியே எழுதிவிட வேண்டும். எந்தப் பாகத்தை நீங்கள் மாற்றி வரைந்தீர்கள் என்பதையும் சேர்க்கலாம். இரண்டு கேள்விகளில் வெளிப்பட்டுவிடும் விஷயத்தை மறைத்தால் மற்ற தாள்களின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

இரண்டாம் தாள் சுமைக் கணக்கு. ஏன் 50 கிராம், ஏன் 150 கிராம் தூக்கவில்லை என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கும். கையை முழுதாக நீட்டும்போது தோள்பட்டை மோட்டார்தான் அதிகம் திணறும். மாணவர்கள் பரவலாக வாங்கும் எம்ஜி 996 ஆர் செர்வோ மோட்டாரின் விவரத்தாள், 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு விசை என்கிறது. அது மோட்டார் சுற்ற முடியாமல் நின்றுபோகும் எல்லை. அந்த எல்லையில் தொடர்ந்து வேலை வாங்கினால் மோட்டார் சூடேறிக் கெட்டுப்போகும். பாதிக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கு எளிது. ஒவ்வொரு எடையையும் தோளிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 25 செ.மீ. தூரத்தில் 50 கிராம் புஷ் என்றால் 1.25. பிடிப்பானும் அதன் மோட்டாரும் 80 கிராம், 22 செ.மீ. தூரத்தில், 1.76. முழங்கை மோட்டார் 55 கிராம், 12 செ.மீ. தூரத்தில், 0.66. கையின் பிளாஸ்டிக் துண்டுகள் 60 கிராம், சராசரியாக 12 செ.மீ. தூரத்தில், 0.72. கூட்டினால் ஏறக்குறைய 4.4 கிலோ-சென்டிமீட்டர், அதாவது மோட்டாரின் எல்லையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 150 கிராம் தூக்கினால் இது 6.9 ஆகிவிடும். கையின் சொந்த எடையே மோட்டாரின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது என்பதையும் இந்தச் சிறு கணக்கு காட்டுகிறது.

மூன்றாம் தாள்தான் கோப்பின் உயிர். கையை நூறு முறை ஓட்டி, ஒவ்வொன்றையும் குறித்து வைக்கிறோம் என்று கொள்வோம். மொத்தத்தில் 57 புஷ்கள் துளைக்குள் விழுந்தன, 43 விழவில்லை. இந்த எண்ணோடு நின்றுவிட்டால் ‘கை சரியில்லை’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. தட்டு வாரியாகப் பிரித்தால் கதை மாறுகிறது. வலது தட்டிலிருந்து வந்த 50-இல் 48 சரியாக விழுந்தன. இடது தட்டிலிருந்து வந்த 50-இல் 9 மட்டுமே. மோட்டார் பலவீனம் என்றாலோ பிடிப்பு வழுக்கியது என்றாலோ இரு பக்கமும் ஒரே அளவில்தான் தவறியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் தவறுவதால், கை எந்தத் திசையிலிருந்து வந்து நிற்கிறது என்பதில்தான் கோளாறு.

இதை உறுதிப்படுத்த அளக்க வேண்டும். பட்டறைப் பழக்கத்தில் டயல் கேஜை எடுக்கத் தோன்றும். இந்தக் கைக்கு அது ஒத்துவராது. கேஜின் முள்ளை உள்ளே தள்ளச் சுமார் 100 கிராம் விசை வேண்டியிருக்கும். 25 செ.மீ. நீளக் கையின் நுனியில் அந்த விசை எதிர்த்துத் தள்ளினால் கையே நகர்ந்துவிடும். அளக்கும் கருவியே அளவைக் கெடுத்துவிடும். அதனால் பிடிப்பானில் கூரான பென்சிலைக் கொடுத்து, கீழே மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத்தாளை ஒட்டிவிடலாம். கை வலமிருந்து 30 முறை வந்து அதே இடத்தில் புள்ளி வைக்கட்டும். பிறகு இடமிருந்து 30 முறை. தொழில்துறை ரோபோக்களைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 9283 தரநிலையும் ஒரு நிலைக்குத் திரும்பத் திரும்ப 30 முறை போய் வரச் சொல்கிறது. அந்த எண்ணிக்கையை அங்கிருந்து எடுத்துக்கொண்டதாகத் தாளில் குறிப்பிடலாம்.

தாளில் இரண்டு புள்ளிக் கூட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் 1 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் இரண்டின் நடுவிடங்களுக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. கைக்கு இடத்தைக் கற்றுக்கொடுத்தபோது வலமிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம். ஆகவே வலமிருந்து வருவது பொருந்துகிறது, இடமிருந்து வருவது துளையின் விளிம்பில் ஏறிவிடுகிறது.

காரணம் மோட்டாருக்குள் இருக்கிறது. செர்வோவுக்கு நாம் அனுப்பும் கட்டளை, மைக்ரோவிநாடிக் கணக்கில் நீளும் ஒரு மின்துடிப்பு. 5 மைக்ரோவிநாடிக்குக் குறைவான வித்தியாசத்தை இந்த மோட்டார் கண்டுகொள்ளாது என்று விவரத்தாளே சொல்கிறது. அர்டுயினோவின் கணக்கில் அது சுமார் அரை டிகிரி. 25 செ.மீ. தள்ளியிருக்கும் நுனியில் அரை டிகிரி என்பது 2 மி.மீ.க்குச் சற்று மேல். பல்சக்கரங்களின் தளர்வையும் சேர்த்தால் நாம் அளந்த இரண்டரை மில்லிமீட்டருக்குக் கணக்கு ஏறக்குறைய நேராகிறது. காகிதத்தில் போட்ட கணக்கும் பென்சில் வைத்த புள்ளியும் ஒத்துப்போகும் இந்த இடத்தைத் தாளில் தெளிவாகக் காட்ட வேண்டும்.

தீர்வை எந்த லேத் டர்னரும் சொல்லிவிடுவார். ஸ்க்ரூவில் பேக்லாஷ் இருந்தால், அளவைத் தாண்டிப் பின்னால் போய், மறுபடி ஒரே பக்கத்திலிருந்து வந்து அளவைப் பிடிப்பார்கள். கைக்கும் அதையே செய்யலாம். எந்தத் தட்டிலிருந்து வந்தாலும் இலக்கைச் சற்றுத் தாண்டிப்போய், பிறகு வலமிருந்து வந்து நிற்கட்டும்:

```
base.writeMicroseconds(target + 50);
delay(400);
base.writeMicroseconds(target);
delay(300);
```

50 மைக்ரோவிநாடி என்பது சுமார் 5 டிகிரி. இங்கே `write()` என்ற எளிய கட்டளையைப் பயன்படுத்தினால் முழு டிகிரிகளில் மட்டுமே நகர்த்த முடியும். ஒரு டிகிரி என்பது நுனியில் 4.4 மி.மீ. அந்தக் கட்டளையோடு இந்தத் துளையை நம்பிப் பிடிக்கவே முடியாது.

நான்காம் தாளில் திருத்தத்துக்குப் பிந்தைய நூறு ஓட்டம். வலது தட்டில் 48, இடது தட்டில் 47. மீதி ஐந்தும் பிடிப்பானின் விரல்களில் வழுக்கி விழுந்தவை. அடுத்து விரல்களில் ரப்பர் ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதலாம். தீர்வுக்குக் கொடுத்த விலையையும் அதே இடத்தில் எழுத வேண்டும். எடுக்கும் இடம், வைக்கும் இடம் இரண்டிலும் ஏறக்குறைய 0.4 விநாடி கூடுகிறது. ஆக 8 விநாடி 8.8 ஆகிவிட்டது. தரத்துக்காக நேரத்தை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது உற்பத்தி மேலாளர் தினமும் போடும் கணக்கு. அதை நீங்களாகவே எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் தன் லைனைப் பற்றியே பேசத் தொடங்கலாம்.

“சரி, இதை எங்க லைன்ல வைக்கலாமா?” என்று அவர் கேட்கக்கூடும். வைக்க முடியாது என்பதே நேர்மையான பதில். அதற்கான காரணங்களைச் சொல்லத் தெரிய வேண்டும். தொழிற்சாலையில் ஓடும் சிறிய ரோபோக்கள் ஒரே இடத்துக்குத் திரும்பும் துல்லியம் 0.02 மி.மீ. அளவில் இருக்கும். நம் கையோ ஒரே பக்கமிருந்து வந்தாலும் 1 மி.மீ. வட்டத்துக்குள் சிதறுகிறது. அதைவிடப் பெரிய குறை, இந்தச் சாதாரண செர்வோ தான் எங்கே நிற்கிறது என்பதை அர்டுயினோவுக்குத் திருப்பிச் சொல்வதில்லை. வழியில் ஏதாவது தடுத்து நின்றாலும் புஷ் விழுந்தே போனாலும், நிரல் எல்லாம் சரியாக நடந்ததாக நினைத்து அடுத்த அடிக்குப் போய்விடும். அருகில் ஆள் வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு கையை வைக்கக் கூடாது. பிடிப்பானில் புஷ் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சென்சார், கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்ல ஒரு என்கோடர் என, இவற்றை எந்த வரிசையில் சேர்ப்பீர்கள் என்றும் சொல்லலாம்.

ரோபோ கையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை. அங்கே மேசையும் மின்இணைப்பும் கிடைக்குமா என்று தெரியாது. பேருந்துப் பயணத்தில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தாலும் கற்றுக்கொடுத்த இடம் மாறிப்போகும். காணொளி கைபேசியில் இருக்கட்டும், கேட்டால் காட்டலாம். அந்த வரைபடத்தாளை மட்டும் நகலெடுக்காமல் அசலாகவே கோப்பில் வையுங்கள். பென்சில் அழுந்திய 60 புள்ளிகளும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கும் அந்தத் தாளை மேலாளர் கையில் வாங்கி, “இந்த ரெண்டுக்கும் நடுவுல ஏன் இவ்வளவு இடைவெளி?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் விடை வைத்திருக்கிறீர்கள்.