எந்தக் கேள்விக்கு எந்தப் பதில்?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆலை புதிதாக வருகிறது, அல்லது இருக்கிற ஆலை பெரிதாகிறது என்றால், பல நேரங்களில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். சிப்காட் வளாகத்துக்குள் வரும் ஆலைகள் பலவற்றுக்கு விலக்கு உண்டு. வெளியே வருபவற்றுக்குத்தான் பெரும்பாலும் கூட்டம். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதற்கான முறையைச் சொல்கிறது. மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி உடன் இருக்க வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் நடந்ததன் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும்.

அந்தச் சுருக்கம்தான் பிறகு மேலே போகிறது. அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழு மூன்று மணி நேர வீடியோவை உட்கார்ந்து பார்க்கும் என்று நம்பியிருக்க முடியாது. சில பக்கங்களைத்தான் படிக்கும். ஆகவே ஊர்க்காரர்களும் தங்கள் செல்போனில் பதிவு செய்து, தங்கள் சுருக்கத்தைத் தாங்களே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அதை எப்படி எழுதுவது என்று ஒரு தம்பி கேட்டார். டீ சொல்லிவிட்டு அவரிடம் விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை கேட்கும்போது வாதம் எதையும் எழுத வேண்டாம். நேரம், பேசியவர் யார், எதைப் பற்றி, இவ்வளவு போதும். ‘0:42:10, விவசாயி, கிணறு’ என்கிற மாதிரி. பேசியவரின் பெயரைவிட அவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பதுதான் இங்கே முக்கியம்: விவசாயி, மீனவர், ஐ.டி.ஐ. முடித்தவர், ஒப்பந்தக்காரர், ஆலை அதிகாரி, ஆய்வறிக்கை தயாரித்த ஆலோசகர். கூச்சலில் கேட்காமல் போன இடத்தில் ‘கேட்கவில்லை’ என்று நேரத்தோடு குறித்துவிடுங்கள். ஊகித்து நிரப்பிய ஒரு வரி வெளியே வந்தால், மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது முறை கேட்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. ஒருவர் ஒரே மூச்சில் சொல்வதில் இரண்டு மூன்று சங்கதிகள் பின்னிக் கிடக்கும். அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். இதைக் காட்ட ஒரு மாதிரி தருகிறேன். இது நடந்த கூட்டம் எதுவும் இல்லை. இந்த வட்டாரத்தில் வழக்கமாகக் கேட்கும் பேச்சை வைத்து நானே கோத்தது. சிப்காட்டுக்கு வெளியே உள்ள ஓர் இரும்பு உருக்காலை தன் உற்பத்தியை இரட்டிப்பாக்க அனுமதி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விவசாயி எழுந்து சொல்கிறார்: “எங்க கெணத்துல தண்ணி எறங்கிப்போச்சு சார். இந்தக் கம்பெனி வந்ததுக்கு அப்புறந்தான். இன்னும் ரெண்டு போர் போட்டீங்கன்னா நாங்க எங்க போறது?”

ஆலோசகர் பதில் சொல்கிறார்: “நிறுவனம் மழைநீர் சேகரிப்புத் தொட்டிகள் அமைக்கும். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே விடப்படாது. சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்துவோம்.”

வழக்கமான சுருக்கம் இதை ஒரே வரியில் முடித்துவிடும்: ‘தண்ணீர் குறித்து அச்சம் தெரிவித்தார், மழைநீர் சேகரிப்பு செய்யப்படும் எனப் பதிலளிக்கப்பட்டது.’ படிக்கிறவருக்குக் கேள்வி தீர்ந்துபோனது போலத் தோன்றும். உண்மையில் விவசாயி மூன்று சொன்னார். கிணற்று மட்டம் இறங்கியது என்பது ஒரு தகவல். அதற்குக் காரணம் ஆலை என்பது ஒரு குற்றச்சாட்டு. புதிதாக ஆழ்துளைக் கிணறு போடுவீர்களா என்பது ஒரு கேள்வி. முதல் இரண்டையும் ஆலோசகர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மூன்றாவதைத் தொடவே இல்லை. மழைநீர்த் தொட்டி ஒரு வாக்குறுதி. அதில் எவ்வளவு நீர் சேரும், ஆலைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்ற அளவு இல்லை. கழிவுநீரைப் பற்றிச் சொன்னதோ, அரை மணி நேரம் முன்னால் வேறொருவர் ஓடையைப் பற்றிக் கேட்டதற்கான பதில். அதை எடுத்து அந்த இடத்தில் வைக்க வேண்டும். பேச்சில் அடுத்து வந்தது என்பதற்காக ஒரு வாக்கியம் பதிலாகிவிடாது.

“அப்ப அது பதிலா இல்லையான்னு எப்படிண்ணே முடிவு பண்றது?” என்று தம்பி கேட்டார். என்னிடம் இருப்பது ஒரு சோதனைதான். கேள்வி கேட்டவர் அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் அதே கேள்வியை, ஒரு சொல் மாற்றாமல், திரும்பக் கேட்க முடியுமா? முடியும் என்றால் அது ‘பதில் வராதவை’ பட்டியலுக்குப் போகட்டும். “இரண்டு போர் போடுவீர்களா?” என்று அந்த விவசாயி இப்போதும் கேட்கலாம். ஆலோசகர் “ஆமாம், போடுவோம்” என்று சொல்லியிருந்தால் ஊருக்குப் பிடிக்காது, ஆனால் அது பதில். பிடித்த பதிலா என்பதும், பதிலா என்பதும் வேறு வேறு.

“தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற வாக்கியத்தை இந்தச் சோதனையில் போட்டுப் பாருங்கள். அதைக் கேட்ட பிறகும் யார், எப்போது, எவ்வளவு என்ற எல்லாக் கேள்விகளும் அப்படியே நிற்கும்.

அடுத்தது சற்று நுட்பமானது. அதே மாதிரிக் கூட்டத்தில் ஒரு பெண், காயப்போட்ட துணியில் காலையில் கரித்தூள் படிந்திருக்கிறது என்கிறார். ஆலோசகர், ஆலையில் பேக் ஃபில்டர் இருக்கிறது, காற்றை அளந்தோம், தூசு வரம்புக்குள்தான் இருந்தது என்கிறார். இது நேரான மறுப்பு. பெண் விடவில்லை: “பகல்ல அளந்திருப்பீங்க. ராத்திரிலதான் பொகையே விடறாங்க.” இது மறுப்புக்கு மறுப்பு. அதற்கு ஆலோசகர் அளவீட்டு எண்ணையே மறுபடி படிக்கிறார். அடுத்தவர் மைக்கை வாங்கிவிடுகிறார்.

விஷயம் தெரிந்தவருக்கு இங்கே கை குறுகுறுக்கும். காற்றில் மிதக்கும் நுண்தூசை அளப்பது வழக்கமாக 24 மணி நேரத்துக்கு. பிஎம் 10 என்ற தூசுக்கு நாட்டில் உள்ள 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அப்படி அளந்திருந்தால் இரவும் அதில் சேர்ந்துதான் இருக்கும். இன்னொரு பக்கம், 24 மணி நேரச் சராசரியில் இரவு இரண்டு மணிக்கு வந்த புகை கரைந்துபோகும் என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டையும் அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. ஆகவே சுருக்கத்தில் இரண்டுக்கும் இடமில்லை. ‘இரவு அளக்கப்பட்டதா என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை’ என்று மட்டும் எழுத வேண்டும். சுருக்குகிறவர் ஆலோசகருக்காகப் பதில் சொல்லவும் கூடாது, ஊருக்காக வாதாடவும் கூடாது. தெரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் தனித் தாளில் ‘குறிப்பு’ என்று தலைப்பிட்டு எழுதலாம்.

இதே கண்டிப்பு நம் பக்கத்துக்கும் வேண்டும். ஊர்க்காரர் எழுதும் சுருக்கங்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. ஓர் இளைஞர் எழுந்து, ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தினமும் ஒரகடம் வரை போய் வருகிறேன், இங்கேயே வேலை கிடைத்தால் என்ன தப்பு என்று கேட்கிறார். எதிர்ப்பவர்களில் ஒருவர், இருக்கிற வேலைக்கே வடமாநில ஆட்களைத்தானே வைத்திருக்கிறார்கள் என்கிறார். நிறுவனம் ‘உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை’ என்கிறது. இதில் நிறுவனத்தின் பதிலில் எண் இல்லை என்று குறிக்கிறோம். அதோடு இன்னொன்றையும் குறிக்க வேண்டும். ஆலை பெரிதாகவில்லை என்றால் அந்த இளைஞருக்கு வேறு என்ன வழி என்று எதிர்த்தவர்களில் யாரும் சொல்லவில்லை. அதுவும் பதில் வராத கேள்வி. இதை எழுதாமல் விட்ட சுருக்கத்தை நிறுவனத்தின் வக்கீல் ஒரே நிமிடத்தில் ‘ஒருபக்கச் சார்பு’ என்று ஒதுக்கிவிடுவார்.

கூட்டம் கத்தியதால் பதில் பாதியில் நின்றுபோவதும் உண்டு. அதைப் பதில் வராதவற்றில் சேர்ப்பது நியாயமில்லை. ‘பதில் தொடங்கியது, 1:14:20-இல் இடைநின்றது’ என்று எழுதுங்கள். யாருமே கேட்காத கேள்வியையும் அங்கே சேர்க்கக்கூடாது. நாள் முழுக்க உட்கார்ந்தும் உலைக் கசடு எங்கே கொட்டப்படும் என்று ஒருவரும் கேட்கவில்லை என்றால், அது எழுப்பப்படாத பிரச்சினை. எழுத்துமூலம் மனு கொடுக்க இடம் இருக்கிறது, அதில் எழுப்பலாம்.

எழுத்துமூல மனுக்கள் வீடியோவில் வராது, ஆனால் அவையும் கருத்துக்கேட்பின் பகுதிதான். காட்டுப்பள்ளியை நினைத்துப் பாருங்கள். 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 அன்றும், பிறகு 2023 செப்டம்பர் 5 அன்றும் கருத்துக்கேட்பு அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளும் கூட்டம் நடக்கவில்லை. பழவேற்காட்டு மீனவர்கள் கரை அரிப்பைப் பற்றியும் ஏரியின் முகத்துவாரத்தைப் பற்றியும் பல காலமாகக் கேட்கிறார்கள். நிறுவனமும் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது. இருவரும் எழுதியதையும் பேசியதையும் சேர்த்து யாரும் சுருக்கலாம். ஆனால் ஆட்சியர் முன்னிலையில் இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று அந்த நாட்களில் ஒரு பதிவு உண்டாகவில்லை. அப்படிப்பட்ட சுருக்கத்தில் ‘பதில் வரவில்லை’ என்று எழுதுவதும் தவறு, ‘பதிலளிக்கப்பட்டது’ என்று எழுதுவதும் தவறு. ‘நேருக்கு நேர் விவாதம் நடக்கவில்லை’ என்பதுதான் சரி.

கூட்டம் முடிந்த பிறகு நிறுவனம் தன் வரைவு அறிக்கையைத் திருத்தி இறுதி அறிக்கை தரும். மக்கள் எழுப்பிய முக்கியமான பிரச்சினைகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மேடையில் மழுப்பலாக வந்த பதில், இறுதி அறிக்கையின் அட்டவணையில் எண்களோடு நிமிர்ந்து நிற்கலாம். அது வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பதில் வந்த தேதியைத் தனியாகக் குறியுங்கள். அன்றைக்குச் சொன்னது ஒரு பத்தி, பின்னால் எழுதியது இன்னொரு பத்தி. இரண்டும் கலந்துவிட்டால், மேடையில் கேட்கப்படாத மறுகேள்விகள் எவை என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவும் செய்ய நேரமிருக்காது, கூட்டத்திலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், கடைசியில் சுருக்கம் வாசிக்கும்போது எழுந்துபோகாமல் உட்கார்ந்திருங்கள். கையில் நேரக்குறிப்புத் தாள் இருக்கட்டும். விவசாயியின் கிணறு ‘அச்சம் தெரிவித்தார்’ என்று வாசிக்கப்பட்டால், கையெழுத்தாகும் முன்பே எழுந்து, “0:42:10-இல் அவர் கேட்டது புதிதாக ஆழ்துளைக் கிணறு போடுவீர்களா என்று. அந்தக் கேள்வியை அப்படியே சேர்க்க வேண்டும், பதில் வரவில்லை என்றும் சேர்க்க வேண்டும்” என்று கேளுங்கள். நேரத்தைச் சொல்லிக் கேட்பதை மறுப்பது கடினம். அந்த வேண்டுகோளும் அதே வீடியோவில் பதிவாகிவிடும்.