கூலிக் கணக்கில் மறைந்திருக்கும் மூன்று செலவுகள்

சொந்தமாகச் சாயச்சாலை நடத்திவரும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளை நாம் பார்வையிட நேர்ந்தபோது, நிர்வாகக் குழுவினர் முன் ஒரு தீர்மானம் காத்திருந்தது. முந்திய மாதத்தில் ஒரு கிலோ நூலுக்குச் சாயமேற்ற ஆன கூலி 48 ரூபாய். அம்மாதத்தில் அது 57 ரூபாய் 12 பைசாவாக ஏறியிருந்தது. “ஆட்களின் கை மந்தமாகிவிட்டது, ஆகவே இவ்வாண்டு தருவதாகச் சொன்ன கூலி உயர்வை நிறுத்தி வைக்கலாம்” என்பதே அத்தீர்மானத்தின் சாரம்.

கூலிப் புத்தகத்தின் கூட்டுத்தொகையை உற்பத்தியான கிலோக்களால் வகுத்து அம்முடிவுக்கு வந்திருந்தனர். வகுத்தல் சரியே. ஆனால் வகுக்கப்பட்ட தொகை ஒரே இனத்துச் செலவன்று. வேலைக்கென்று கொடுத்த அடிப்படைக் கூலியோடு, வேலையின்றிக் கழிந்த நேரத்துக்கான கூலியும், மிகைநேர வேலைக்கான அதிகப்படியும் அதில் கலந்திருந்தன. ஆள் மாற்றத்தால் விளையும் செலவோ ஓரளவு கூலிப் புத்தகத்திலும் ஓரளவு வேறு ஏடுகளிலும் சிதறிக் கிடந்தது. இம்மூன்றையும் அடக்கவிலைக் கணக்கு அடிப்படைக் கூலியைப் போல நடத்துவதில்லை. அதன் காரணத்தை அச்சங்கத்தின் கணக்கைக் கொண்டே விளக்குவோம்.

வேலையற்ற நேரம்

சாயச்சாலையில் 10 பேர், நாளொன்றுக்கு 8 மணி வீதம், மாதம் 26 நாட்கள் வேலை செய்கின்றனர். மணிக்கூலி 60 ரூபாய். ஆக 2,080 மணிக்கு 1,24,800 ரூபாய் கூலி.

இந்த 2,080 மணியும் நூலின்மேல் செலவாவதில்லை. காலையில் அடுப்பு மூட்டி நீர் கொதிக்க வேண்டும். சிவப்புச் சாயம் தோய்த்த தொட்டியைக் கழுவிய பிறகே நீலம் தோய்க்கலாம். இவ்வாறு நாளொன்றுக்கு ஒருவருக்கு அரைமணி கழிகிறது. எவ்வளவு திறமையாக நடத்தினும் இதைத் தவிர்க்க இயலாது. ஆகவே இது இயல்பான இழப்பு. சாயம் தோய்ப்பதன் ஓர் அங்கமே. மாதத்தில் இவ்விதம் 130 மணி போக, மிஞ்சுவது 1,950 மணி. 1,24,800 ரூபாயை 1,950ஆல் வகுத்தால் பயனுள்ள மணி ஒன்றுக்கு 64 ரூபாய் ஆகிறது. ஒரு கிலோவுக்கு முக்கால் மணி வேலை. ஆகவே 48 ரூபாய். முந்திய மாதத்தில் 2,600 கிலோ சாயமேறியது. கணக்கு அப்படியே பொருந்தியது. 60 ரூபாய்க் கூலியை 64 ரூபாயாக ஏற்றிக் கணக்கிடுவது இயல்பான இழப்பை நூலின்மேல் சுமத்தும் ஒரு முறை. அதனைத் தனியே பிரித்துச் சாயச்சாலையின் மேற்செலவில் சேர்ப்பது மற்றொரு முறை. எதனைக் கைக்கொள்ளினும் ஆண்டு முழுவதும் அதனையே கைக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதத்தில் நிகழ்ந்தது வேறு. நூலுக்கான கொள்முதல் உத்தரவு காலந்தாழ்ந்து அனுப்பப்பட்டதால் மூன்று நாட்கள் சாயச்சாலைக்கு நூலே வந்து சேரவில்லை. பத்துப் பேரும் வந்திருந்தனர், கூலியும் பெற்றனர். அந்த 240 மணிக்கான 14,400 ரூபாய் சாயம் தோய்ப்பதன் செலவாகுமா? ஆகாது. நூல் உரிய நாளில் வந்திருந்தால் இச்செலவே இல்லை. இது இயல்புக்கு மாறான இழப்பு. இதனைப் பொருளின் அடக்கவிலையில் சேர்க்காமல், நேரே லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இந்திய அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனம் ஊழியர் செலவு பற்றி வகுத்துள்ள ஏழாம் எண் கணக்குத் தரமும் இத்தகைய அசாதாரணச் செலவுகளை ஊழியர் செலவில் சேர்க்கலாகாது என்றே கூறுகிறது.

இதனால் பணம் மிஞ்சிவிடுகிறது என்று எவரும் கருத வேண்டா. 14,400 ரூபாய் போனது போனதே. சங்கத்தின் லாபம் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் அந்நஷ்டம் நூலின் விலையில் ஒளிந்துகொள்ளாமல், கொள்முதல் தாமதம் என்ற பெயரோடு நிர்வாகக் குழுவின் கண்முன் நிற்கும்.

இயல்பானது எது, மாறானது எது என்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அடிக்கடி நிகழ்கிறது என்பதனால் மட்டும் ஒரு குறை இயல்பாகிவிடாது. தவிர்த்திருக்கக் கூடுமா என்பதே உரைகல். மாதந்தோறும் நூல் தாமதமாக வருமாயின், அது மாதந்தோறும் தவிர்க்கத்தக்க நஷ்டமே.

மிகைநேர அதிகப்படி

நூல் வந்த பிறகு, தேங்கிய வேலையை முடிக்க மாலை நேரங்களில் 150 மணி மிகைநேர வேலை நடந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த இரட்டிப்பு வீதப்படி மணிக்கு 120 ரூபாயாக 18,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. இதில் பாதியான 9,000 ரூபாய் அடிப்படைக் கூலியே. பகலில் செய்திருப்பினும் அதனைக் கொடுத்தே ஆக வேண்டும். மிகைநேரத்தினால் கூடுதலாக நேர்ந்தது மற்றைய 9,000 ரூபாய்தான். அதுவே அதிகப்படி, அதற்கே தனி வழி தேவை.

இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். மாலை ஆறு மணிக்குத் தொட்டியில் எந்த நூல் இருந்ததோ அதன் கணக்கில் அதிகப்படியை எழுதிவிடுகின்றனர். பிற்பகல் மூன்று மணிக்குத் தோய்த்த துண்டு நூலுக்கும், ஆறு மணிக்குத் தோய்த்த போர்வை நூலுக்கும் வேலை ஒன்றே. எது முன், எது பின் என்பது மேஸ்திரி வகுத்த வரிசை. வரிசையில் பின்னே நின்ற குற்றத்துக்காகப் போர்வை நூல் இருமடங்கு கூலி சுமக்கலாகாது. ஆகவே, ‘எப்போது செய்தனர்’ என்பதைவிட ‘எவர் பொருட்டுச் செய்ய நேர்ந்தது’ என்று கேட்பதே முறை.

அச்சங்கத்தில் 150 மணியில் 60 மணி, ஒரு வியாபாரி தம் சரக்கை ஒரு வாரம் முன்னதாகக் கேட்டு, அதற்கான செலவை ஏற்க இசைந்ததால் நேர்ந்தது. அதற்குரிய 3,600 ரூபாய் அவருடைய ஆர்டரின் கணக்கில் சேரும். எஞ்சிய 90 மணி, நூல் தாமதத்தால் இழந்ததை மீட்கச் செய்தது. அதற்குரிய 5,400 ரூபாய் லாப நஷ்டக் கணக்குக்கே செல்லும். அதே தாமதம் தின்ற இரண்டாவது கவளம் அது. பண்டிகைக் காலத்தில் எல்லா ஆர்டர்களும் ஒருங்கே குவிந்து மிகைநேரம் நேர்ந்திருந்தால், அதிகப்படியைப் பொதுவான மேற்செலவாகக் கொண்டு எல்லா நூலுக்கும் பகிர்ந்திருப்போம்.

இனி அம்மாதக் கணக்கைத் திரும்பப் பார்ப்போம். மொத்தக் கூலி 1,42,800 ரூபாய்; சாயமேறிய நூல் 2,500 கிலோ. மொத்தத்தில் நூலின்றிக் கழிந்த நாட்களின் 14,400 ரூபாயும், மிகைநேர அதிகப்படி 9,000 ரூபாயும் நீங்கினால் எஞ்சுவது 1,19,400 ரூபாய். கிலோவுக்கு 47 ரூபாய் 76 பைசா. முந்திய மாதத்தைக் காட்டிலும் 24 பைசா குறைவு! மாலை வேலைக்கு அடுப்பு மறுபடி மூட்ட வேண்டியிராததால் அச்சிறு மிச்சம் கிட்டியது. தொழிலாளரின் கை மந்தமாகவே இல்லை. தவறு நேர்ந்தது கொள்முதல் மேசையில். தண்டனை விழவிருந்ததோ சாயத் தொட்டியருகில்.

ஆள் மாற்றத்தின் செலவு

மூன்றாவது செலவுக்குக் கணக்கில் தனிப்பெயரே கிடையாது. அந்தச் சாயச்சாலையிலிருந்து ஓராண்டில் மூவர் விலகி, புதியவர் மூவர் அமர்ந்தனர். சராசரி ஆட்கள் 10 பேர். ஆகவே விலகல் வீதம் நூற்றுக்கு 30. நாம் மேலே கண்ட மாதத்தில் புதியவர் எவரும் சேரவில்லையாதலால் அக்கணக்கில் இது தலைகாட்டவில்லை.

புதிய ஆள் ஒருவருக்கு நேரும் செலவைக் கணக்கிட்டோம். முதல் 24 நாட்களில் முழுக்கூலி பெற்றுப் பாதி வேலையே செய்கிறார். அதில் 5,760 ரூபாய் இழப்பு. அனுபவமுள்ள தொழிலாளி நாளொன்றுக்கு ஒரு மணி கற்றுக்கொடுக்கிறார். அது 1,440 ரூபாய். சாயல் பிசகிய 40 கிலோ நூலை மறுபடி தோய்க்கச் சாயமும் இரசாயனமும் 2,800 ரூபாய். ஆக ஒருவருக்கு 10,000 ரூபாய். மூவருக்கு 30,000 ரூபாய். இவற்றுள் முதலிரண்டும் கூலிப் புத்தகத்திலும், மூன்றாவது சாயச் சரக்கு ஏட்டிலும் புதைந்திருந்தன.

இதனை மேற்செலவாகவே கொள்ள வேண்டும். புதியவர் பழகிய மாதத்து நூலின்மேல் முழுவதையும் சுமத்தினால், அம்மாத நூல் மட்டும் காரணமின்றி விலையேறித் தோன்றும். ஆண்டுக்கு 30,000 ரூபாய் எனில் மாதம் 2,500 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 2,500 கிலோ என்று கொண்டால் கிலோவுக்கு ஒரு ரூபாய். எந்தப் பிரிவின்மேல் சுமத்துவது என்பதற்கு, விலகியவர்கள் ஏன் விலகினர் என்று அறிய வேண்டும். அங்கே விலகிய மூவரும் கூறிய காரணம் ஒன்றே: ஆவி போக வழியில்லை, கைக்கு ரப்பர் உறை இல்லை. காரணம் சாயச்சாலையிலேயே இருந்ததால் செலவும் அப்பிரிவையே சாரும். சங்கத்தின் பொதுவான கூலிக் கொள்கையே காரணமாயிருந்தால் எல்லாப் பிரிவுகளுக்கும் பகிர்ந்திருப்போம்.

உறை, புகைபோக்கி, மருத்துவப் பரிசோதனை போன்று ஆட்கள் விலகாதிருக்கச் செய்யும் செலவைத் தடுப்புச் செலவு என்பர். பல பிரிவுகளுக்குப் பொதுவாகச் செய்தால் அதனை ஆட்களின் எண்ணிக்கைப்படி பகிர்வது வழக்கம். இதனையும் 30,000 ரூபாயையும் அருகருகே எழுதிப் பார்த்தால், உறை வாங்காததில் மிச்சம் உண்டா என்பது விளங்கிவிடும்.

இரண்டு ஏடுகள்

இவ்வளவுக்கும் வேண்டுவன இரண்டே ஏடுகள். ஒன்று வருகைப் பதிவேடு. மற்றொன்று எந்த வேலையில் எத்தனை மணி என்று காட்டும் வேலைச் சீட்டு. இரண்டின் வேறுபாடே வேலையற்ற நேரம்; அதனருகில் காரணத்தை ஒரு சொல்லில் குறித்தால் போதும். மேஸ்திரி எல்லோர் சீட்டிலும் நாள்தோறும் எட்டு மணி என்றே நிரப்பிவருவாராயின் அச்சீட்டு பயன்படாது. அதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு: ஏட்டில் வேலையற்ற நேரமே இராது, ஆனால் கிலோவுக்கு முக்கால் மணி என்பது திடீரென ஒரு மணியை நெருங்கும்.

இறுதியாக, வீட்டுத் தறியில் உருப்படிக் கூலிக்கு நெய்யும் அங்கத்தினர் பற்றி ஒரு சொல். பாவுக்காக அவர் நான்கு நாள் காத்திருந்தால் சங்கத்தின் புத்தகத்தில் ஒரு பைசாவும் ஏறாது. அந்த இழப்பு அவருடைய அடுப்பங்கரையில் எழுதப்படுகிறது. காத்திருந்து சலித்தவர் தனியார் முதலாளியிடம் சென்றுவிட்டால், அவ்விழப்பு ஆள் மாற்றத்தின் செலவாகச் சங்கத்துக்கே திரும்பி வரும். ஆகவே உருப்படிக் கூலியுள்ள சங்கங்களும் பாவு கொடுத்த நாளையும், முந்திய பாவு முடிந்த நாளையும் குறித்து வைத்தல் வேண்டும்.

நாம் கண்ட சங்கத்தில் கூலி உயர்வை நிறுத்தும் தீர்மானம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, கையிருப்பு நூல் பத்து நாள் தேவைக்குக் குறையும்போதே கொள்முதல் உத்தரவு அனுப்ப வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது.